கம்போங் அடிடாஸ்: யாருக்குப் பொருந்தும்?

பேராக் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களுக்குப் பழக்கமான கறுப்பு ரப்பர் சப்பாத்து இது. பெயரில் மட்டுமே அடிடாஸ். அந்த நிறுவனத்தின் தயாரிப்பு அல்ல. இன்று மலையேறுவோரும் அணிகின்றனர்.

அளவு: குதிகால் முதல் நீண்ட விரல் நுனிவரை மாலையில் அளக்கவும். ஏறத்தாழ 24.5 செ.மீ. என்றால் 6ஆம் எண், 25.5 என்றால் 7, 26.3 என்றால் 8.

அகலம்: ஒரே வார்ப்பு என்பதால் தளர்த்தக் கயிறு இல்லை. அகன்ற பாதத்தினர் ஓர் எண் கூட்டி வாங்கினால் விரல்களுக்கு இடம் கிடைக்கும். ஆனால் குதிகால் நழுவலாம். காலுறையோடு போட்டு நடந்து பார்த்தே வாங்கவும்.

பிடிமானம்: அடிப்பாகமும் ரப்பர்தான். அதிலுள்ள முனைகள் சேற்று மண்ணைக் கவ்வும். பாசி படிந்த பாறையில் வழுக்கும். முனைகள் தேய்ந்தால் மாற்றிவிட வேண்டும்.

தவிர்க்க வேண்டியவர்கள்: ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள், நீரிழிவால் பாத உணர்வு குறைந்தவர்கள். காற்றோட்டமின்றி வியர்வை தேங்கும். கொப்புளம் வலிக்காமலே புண்ணாகிவிடும்.