கட்சிக்காரரின் வாக்குமூலமும் பொதுச் செயலியும்: ஜவ்வாது மலைச் செம்மர வழக்குகளை முன்வைத்து

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரத்தின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் இருபது பேரைச் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்கள் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள்; ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அந்தச் சம்பவம் நாடறிந்தது. அதற்கு முன்னும் பின்னும் இம்மலையின் ஆண்கள் மரம் வெட்டப் போய்ப் பிடிபட்டுத் திருப்பதி, சித்தூர், கடப்பை நீதிமன்றங்களில் நிறுத்தப்பட்டதோ அவ்வளவாகப் பேசப்படவில்லை. இவ்வழக்குகளில் காகிதம் தெலுங்கில் வருகிறது. குற்றஞ்சாட்டப்பட்டவர் தமிழ் பேசுகிறார். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இரண்டுக்கும் நடுவே வழக்கறிஞரின் குமாஸ்தாவோ தொண்டு நிறுவன ஊழியரோ நிற்கிறார். அவர் கையில் இன்று ஒரு கைப்பேசி இருக்கிறது. அதில் எந்தத் தெலுங்குப் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டாலும் சில நொடிகளில் தமிழாக்கித் தரும் இலவச உரையாடல் செயலியும் இருக்கிறது.

ஊழியர்கள் வாடிக்கையாளரின் இரகசியத் தரவைப் பொதுச் செயலிகளில் ஒட்டுவது பற்றிய பேச்சு பெரும்பாலும் பெருநிறுவனங்களைச் சுற்றியே நடக்கிறது. 2023இல் சாம்சங் பொறியாளர்கள் மூல நிரலைச் சாட்ஜிபிடியில் இட்டதும், அதன்பின் அந்நிறுவனம் தடை விதித்ததும் எல்லாரும் காட்டும் உதாரணம். அங்கே போனது வணிக இரகசியம். செம்மர வழக்கில் போகக்கூடியது ஒரு மனிதரின் விடுதலை. இதற்கான அலுவலக விதியை எதன் அடிப்படையில் அமைப்பது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. செயலியின் பெயரை வைத்தும், ஆவணத்தில் ஆட்பெயர் உண்டா இல்லையா என்பதை வைத்தும் எழுதப்படும் விதிகள் இரண்டுமே தவறான இடத்தில் கோடு போடுகின்றன என்றும், தகவல் யாரிடமிருந்து எந்த நம்பிக்கையில் வந்தது என்பதே சரியான அளவுகோல் என்றும் வாதிடுகிறேன்.

ஒரு மாதிரி வழக்கை எடுத்துக்கொள்வோம். ஜமுனாமரத்தூருக்கு அப்பால் உள்ள ஒரு குக்கிராமத்து இளைஞர் ஆந்திரச் சிறையில் இருக்கிறார். திருவண்ணாமலை வழக்கறிஞர் ஒருவர் ஜாமீன் மனு தயாரிக்கிறார். குமாஸ்தாவின் மேசையில் மூன்று காகிதங்கள் உள்ளன. ஒன்று முதல் தகவல் அறிக்கை. இரண்டாவது ரிமாண்ட் அறிக்கை. மூன்றாவது, சிறையில் நேர்காணல் கண்டு கையால் எழுதிய நான்கு பக்கக் குறிப்பு: யார் முன்பணம் கொடுத்தார், எந்த ஊரில் பேருந்து ஏறினார்கள், காட்டில் எத்தனை இரவு தங்கினார்கள், ஓடித் தப்பிய மைத்துனர் இப்போது எங்கே இருக்கிறார்.

முதல் காகிதத்தில் சிக்கல் குறைவு. 2016இல் யூத் பார் அசோசியேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம், உணர்வுநுட்பமான வழக்குகள் தவிர மற்றவற்றில் முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்றது. காவல் துறையே வெளியிடும் ஒன்றை மொழிபெயர்ப்புக்காகச் செயலியில் இடுவதால் கட்சிக்காரரின் இரகசியம் எதுவும் புதிதாகப் போவதில்லை. மொழிபெயர்ப்பு சரியா என்ற கேள்வி மட்டுமே மிஞ்சும். ரிமாண்ட் அறிக்கை அவ்வளவு பொதுவானதல்ல என்றாலும் அதுவும் எதிர்த்தரப்பு எழுதியது. அதில் இருப்பது எதிர்த்தரப்புக்குத் தெரியும். மூன்றாவது காகிதம் வேறு இனம். அது வழக்கறிஞரை நம்பிக் கட்சிக்காரர் சொன்னது. மூன்றையும் ஒரே மூச்சில் படமெடுத்து, ‘சுருக்கி ஜாமீன் மனுவுக்கான காரணங்களை எழுது’ என்று குமாஸ்தா கேட்டால், வேலை என்னவோ ஐந்து நிமிடத்தில் முடியும்.

பாரதிய சாட்சியச் சட்டம் 2023இன் 132ஆம் பிரிவு, கட்சிக்காரரின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் அவர் சொன்னதை வழக்கறிஞர் வெளியிடக் கூடாது என்கிறது. வழக்கு முடிந்த பிறகும் அக்கடமை தொடர்கிறது. அதே பிரிவு மொழிபெயர்ப்பாளரையும் வழக்கறிஞரின் குமாஸ்தாவையும் ஊழியரையும் பெயர் சொல்லியே கட்டுகிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் இருந்த இக்கடமையை மீறலாகாது என்று பார் கவுன்சில் விதிகளும் சொல்கின்றன. ஆக, ‘நான் வக்கீல் இல்லை, டைப் அடிப்பவன்தானே’ என்ற பதில் செல்லாது. 2025 அக்டோபர் 31 அன்று, புலனாய்வு அதிகாரிகள் வழக்கறிஞர்களுக்குச் சம்மன் அனுப்புவது குறித்துத் தானாக முன்வந்து எடுத்த வழக்கில், சட்டம் சொல்லும் விதிவிலக்குகளுக்குள் வந்தாலொழியக் கட்சிக்காரர் விவரத்துக்காக வழக்கறிஞரை அழைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

இந்தப் பாதுகாப்பு ஆளைச் சுற்றிக் கட்டப்பட்டதே தவிர, தகவலைச் சுற்றிக் கட்டப்பட்டதல்ல. 132ஆம் பிரிவு வழக்கறிஞரின் வாயையும் அவர் ஊழியரின் வாயையும் அடைக்கிறது. செயலி நடத்தும் நிறுவனத்தை அது கட்டுவதில்லை. நான்கு பக்கக் குறிப்பு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால், ஆவணங்களை ஒப்படைக்கக் கோரும் அதிகாரத்தைப் பயன்படுத்திக் காவல் துறை அந்நிறுவனத்தை அணுக முயலலாம். அதைவிட எளிய வழியும் உண்டு: உரையாடல் வரலாறு குமாஸ்தாவின் சொந்தக் கணக்கில், சொந்தக் கைப்பேசியில் இருக்கிறது; அவர் வேலையை விட்டுப் போன பிறகும் இருக்கும். முறைகேடாகக் கிடைத்த சான்றைக்கூட அந்தக் காரணத்துக்காக மட்டும் தள்ளத் தேவையில்லை என்று 1973இலேயே பூரண்மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தனியுரிமையை அடிப்படை உரிமையாக ஏற்ற 2017ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு இந்நிலைப்பாட்டைக் கேள்வி கேட்க இடமுண்டு. ஆனால் சிறையில் இருப்பவரின் செலவில் அந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்க்க எந்த வழக்கறிஞருக்கும் உரிமை இல்லை.

‘அழித்துவிட்டேன்’ என்பதும் முழுப் பதிலாகாது. நியூயார்க் டைம்ஸ் தொடுத்த வழக்கில் 2025 மே மாதம் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, வழக்கமாக அழிக்கப்பட வேண்டிய உரையாடல் பதிவுகளையும் பாதுகாத்து வைக்கும்படி ஓப்பன்ஏஐ நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அந்தக் கடமை சில மாதங்களில் முடிவுக்கு வந்தது உண்மை. ஆனாலும் பயனர் அழித்தது அழிந்ததா இல்லையா என்பதை அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வழக்கு தீர்மானித்துவிட்டது.

இனி, பெயரை நீக்கிவிட்டு ஒட்டலாம் என்ற ஆலோசனை. அலுவலகக் கொள்கைகளில் அதிகம் தென்படும் வரி இதுதான். சென்னை அளவுள்ள ஊரில் ஓரளவு வேலை செய்யவும் கூடும். சில பத்து வீடுகளே உள்ள மலைக் குக்கிராமத்தில் வேலை செய்யாது. மாதிரிக் குறிப்பிலிருந்து கட்சிக்காரர், மைத்துனர், முன்பணம் தந்தவர் ஆகிய மூவரின் பெயர்களையும் எடுத்துவிடுங்கள். மிஞ்சுவது: இன்ன வாரம், இன்ன ஊரிலிருந்து, இத்தனை பேர், இன்ன வழியாகப் பேருந்தில் போனார்கள், ஒருவர் தப்பினார், அவர் பிடிபட்டவரின் அக்காள் கணவர். அவ்வட்டாரத்தில் யாருக்கும், பக்கத்து மாநிலப் புலனாய்வாளருக்கும், இதற்கு மேல் பெயர் தேவையில்லை. 2015 சம்பவத்தில் உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சியம் சொன்னபோது, உடன் வந்தவர்கள் பேருந்திலிருந்து பிடித்துச் செல்லப்பட்டார்கள் என்பது அதில் முக்கியமான செய்தியாக இருந்தது. யார் எந்தப் பேருந்தில் இருந்தார் என்பது இவ்வழக்குகளில் சில்லறை விவரமல்ல. அதுவே சான்று, அதுவே ஆபத்து.

செயலியைப் பெயர் சொல்லித் தடை செய்யும் கொள்கைகளுக்கும் வரலாறு உண்டு. 2025 ஜனவரியில் ஒன்றிய நிதி அமைச்சகம் அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. தடைக்கும் நடப்புக்கும் உள்ள தூரத்தை அளந்து காட்டிய ஆவணம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. விக்டோரியா மாநிலத்தில் குழந்தைகள் பாதுகாப்பு ஊழியர் ஒருவர் நீதிமன்றத்துக்கான அறிக்கையை எழுதச் சாட்ஜிபிடியைப் பயன்படுத்தினார். குடும்பத்தினர் பெயர் உட்பட உணர்வுநுட்பமான விவரங்களை அதில் இட்டார். ஒரு குழந்தையின் தந்தை பாலியல் நோக்கில் பயன்படுத்தியதாகச் சொல்லப்பட்ட பொம்மையை, அந்த அறிக்கை வயதுக்கேற்ற விளையாட்டுப் பொருள் என்று பெற்றோருக்குச் சாதகமாக எழுதிவிட்டது. அம்மாநிலத் தகவல் ஆணையர் அலுவலகம் 2024 செப்டம்பரில் இதை வெளியிட்டது. துறையிடம் பொதுவான பயன்பாட்டுக் கொள்கையும் பயிற்சிப் பாடமும் இருந்தன. ஆனால் 2023இன் பின்பாதியில் ஏறத்தாழ 900 ஊழியர்கள் அந்தத் தளத்துக்குப் போயிருந்தார்கள். பொதுவான கொள்கை போதாது என்று முடிவு செய்த ஆணையர் அலுவலகம் தளங்களையே முடக்கச் சொன்னது. அரசுத் துறையின் வலையமைப்பில் முடக்கலாம். குமாஸ்தாவின் சொந்த டேட்டாவில் எதை முடக்குவது?

நம்மிடம் இதுவரை வந்தவற்றில் பயனுள்ளது 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் மாவட்ட நீதித்துறைக்கு வகுத்த கொள்கை. வழக்கின் விவரங்களையும் இரகசியத் தகவல்தொடர்புகளையும் மேகக்கணிச் சேவைகளில் இடுவது இரகசியக் கடமையை மீறக்கூடும் என்று காரணம் சொல்லி, அனுமதிக்கப்பட்ட கருவிகளை மட்டும் அது ஏற்கிறது. மொழிபெயர்ப்பை ஆள் சரிபார்க்க வேண்டும் என்கிறது. வழக்கறிஞர் அலுவலகத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனால் கருவியைவிடத் தகவலின் தன்மையிலிருந்து தொடங்குவதால் அதுவே பின்பற்றத்தக்க தொடக்கம்.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அதே குறிப்பை மின்னஞ்சலில் அனுப்பினாலும் மூன்றாம் நிறுவனத்தின் கணினியில்தானே தங்குகிறது? தங்குகிறது, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நாம் விரும்பும் அளவுக்குக் கூர்மையானதல்ல. ஆனால் மின்னஞ்சல் ஒரு பெறுநருக்காகப் போகிறது. பல பொதுச் செயலிகளின் இலவசக் கணக்கில், பயனர் அமைப்பை மாற்றினாலொழிய, இட்டதைக் கருவியின் பயிற்சிக்குப் பயன்படுத்த நிறுவனம் தன் விதிமுறையிலேயே உரிமை எடுத்துக்கொள்கிறது. கட்டணம் செலுத்தும் நிறுவனக் கணக்குகளில் பயிற்சிக்குப் பயன்படுத்துவதில்லை என்ற ஒப்பந்தம் கிடைக்கிறது. மலையடிவாரத்து அலுவலகங்களில் அது எத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும் என்பது வேறு பேச்சு. தெலுங்கிலிருந்து தமிழாக்குவது மட்டுமே தேவையென்றால், சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2 என்ற திறந்த மூல மொழிபெயர்ப்பியைச் சொந்தக் கணினியிலேயே நிறுவலாம். எதுவும் வெளியே போகாது.

இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இவ்விடத்தில் விசித்திரமாக வேலை செய்கிறது. காகிதக் குறிப்பு படமான கணத்தில் அது சட்டத்தின் வரம்புக்குள் வருகிறது. சட்ட உரிமையை நிலைநாட்டத் தேவையான தரவுக் கையாளலுக்கு 17ஆம் பிரிவு பெரும்பாலான கடமைகளிலிருந்து விலக்கு தருகிறது. ஆனால் தக்க பாதுகாப்பு ஏற்பாடு செய்யும் 8(5) கடமையை அப்படியே விட்டு வைக்கிறது. அதை மீறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; இக்கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். சிக்கல் என்னவென்றால், கசிவு நேர்ந்தால் சம்பந்தப்பட்டவருக்கு அறிவிக்க வேண்டும் என்ற 8(6) கடமை விலக்குக்குள் போய்விடுகிறது. பொதுச் செயலியில் இட்டது உரிமையை நிலைநாட்ட ‘தேவையான’ செயல் அல்ல, ஆகவே விலக்கே பொருந்தாது என்று வாதிட முடியும். அது சரியான வாதம் என்றே கருதுகிறேன். நீதிமன்றம் அதை ஏற்கும்வரை, தன் நான்கு பக்கமும் எங்கே போயிற்று என்று சிறையில் இருப்பவருக்குச் சொல்லும் பொறுப்பு வழக்கறிஞரின் தொழில் நெறியை மட்டுமே நம்பி நிற்கிறது.

எனவே ஒப்புதலை வக்காலத்து நாமாவில் ஓர் அச்சு வரியாகச் சேர்த்து, அதன் கீழ்க் கைநாட்டு வாங்கிக் கணக்கு முடிக்கும் வழக்கம் வருமுன்பே தடுக்கப்பட வேண்டும். 132ஆம் பிரிவு கேட்பது வெளிப்படையான ஒப்புதல். எந்தக் காகிதம், எந்தக் கருவிக்கு, அங்கே எவ்வளவு காலம் தங்கும், மைத்துனரின் இருப்பிடம் அதில் உண்டா இல்லையா என்பதெல்லாம் நேர்காணல் அறையிலேயே அவருக்குத் தமிழில் சொல்லப்பட்டு, அவர் சொன்ன பதில் அதே குறிப்பில் எழுதப்பட்டிருந்தால் ஒழிய, அந்த நான்கு பக்கக் குறிப்பு மேசையை விட்டு நகரக் கூடாது.