மூன்று வேளையும் ஆறு மணி நேரமும்: காய்ச்சல் மருந்துத் தாளின் தமிழாக்கம் பற்றி

தஞ்சாவூர்ப் பக்கம் குறுவைப் பயிருக்குப் பூச்சிமருந்து வாங்கும் விவசாயிக்கு, டப்பாவோடு தமிழில் அச்சிட்ட ஒரு தாளும் கிடைக்கிறது. 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் அப்படிக் கட்டளையிடுகின்றன. லேபிளும் தாளும் ஆங்கிலம், இந்தி ஆகியவற்றோடு அந்த வட்டாரத்தில் வழங்கும் ஒன்றிரண்டு மொழிகளிலும் இருக்க வேண்டும். அதே விவசாயி அன்று மாலை காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு பாராசிட்டமால் சிரப் வாங்கினால், அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்த தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகள் அலோபதி மருந்துகளுக்குத் தமிழைக் கட்டாயமாக்கவில்லை. நெற்பயிருக்குத் தெளிப்பதைத் தமிழில் படிக்கலாம்; பிள்ளைக்குக் கொடுப்பதைப் படிக்க முடியாது.

இந்த இடைவெளியை நிரப்ப ஒரு மருந்து விநியோகஸ்தர் தம் கிளைக் கடைகளுக்காகத் தமிழ்த் தாள் ஒன்றை ஆக்கித் தரச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் அவருக்கு ஒரு சட்டப் பொறுப்பும் வந்து சேர்கிறது. 1940-ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, எவை தவறாக லேபிளிடப்பட்ட மருந்துகள் என்று வரையறுக்கிறது. லேபிளும் கொள்கலனும் போலவே, மருந்தோடு சேர்ந்து வரும் எதில் பொய்யான அல்லது தவறான எண்ணம் தரும் வாசகம் இருந்தாலும் அந்த வரையறைக்குள் வரும். தமிழ்த் தாளும் மருந்தோடு சேர்ந்து வருவதுதான். ஆகவே மொழிபெயர்ப்பாளர் தம் விருப்பப்படி கூட்டவோ குறைக்கவோ இடமில்லை. ஆனால் ‘பொருள் மாறாமல்’ என்றால் எது மாறாமல் இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. அளவுக் குறிப்பின் பொருள் அதைப் படித்தவர் ஊற்றும் மில்லியிலும், அடுத்து ஊற்றும் நேரத்திலும், ஊற்றாமல் நிறுத்தும் இடத்திலும் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். அவை மூன்றும் மூலத்தோடு ஒத்துப்போனால்தான் அது சரியான தமிழாக்கம். சொல்லுக்குச் சொல் பொருந்தியும் அவை தவறிப்போகலாம்.

பாராசிட்டமால் சிரப்பையே எடுத்துக்கொள்ளலாம். மூலத் தாளில் வழக்கமாக இருக்கும் செய்தி இது: குழந்தையின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 15 மில்லிகிராம்; தேவைப்பட்டால் 4 முதல் 6 மணி நேர இடைவெளியில்; 24 மணி நேரத்தில் 4 தடவைக்கு மேல் கூடாது. மருத்துவர் சீட்டிலும் மருந்துக்கடைக் கவரிலும் டெல்டா மக்கள் பார்த்துப் பழகியது காலை, மதியம், இரவு என்ற கணக்கு. அதனால் மொழிபெயர்ப்பவரின் கை தானாக எழுதுவது ‘ஒரு நாளைக்கு 4 வேளை’ என்பதே. படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் வேளை என்பது சாப்பாட்டோடு ஒட்டிய காலம், கடிகாரத்தோடு ஒட்டியதன்று. காலை 8 மணி, மதியம் 1 மணி, இரவு 8 மணி என்று மூன்று வேளையாகக் கொடுத்தால் இடைவெளிகள் 5, 7, 12 மணி நேரம் என்று அமைகின்றன. குறைந்தது 4 மணி நேரம் என்ற எல்லை காக்கப்படுகிறது. நான்காவது வேளையைத் தாய் எங்கே வைப்பாள்? டீ குடிக்கும் 4 மணிக்கு வைப்பாள். 1 மணிக்கும் 4 மணிக்கும் இடையே 3 மணி நேரந்தான்.

நடவுக் காலத்தில் இது இன்னும் சிக்கலாகும். தாய் விடியலிலேயே வயலுக்குப் போய்விடுகிறாள். போகும்முன் ஒரு தடவை கொடுத்துவிட்டுப் போகிறாள். எட்டு மணிக்குப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்த ஆத்தா, காலை வேளைக்கு உரியதைக் கொடுக்கிறாள். இருவரும் தாளில் உள்ளபடியே செய்தவர்கள்தான். ‘ஒரு தடவை கொடுத்த பிறகு 4 மணி நேரம் கழியும் முன் மறுபடி கொடுக்கக் கூடாது’ என்று அச்சிட்டிருந்தால், கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்ற கேள்வி அந்த வீட்டில் எழுந்திருக்கும். வேளை என்ற சொல் அந்தக் கேள்வியை எழவிடுவதில்லை.

‘தேவைப்பட்டால்’ என்ற சொல்லும் எளிதில் உதிர்ந்துபோவது. ‘4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கவும்’ என்று எழுதிவிட்டால் காய்ச்சல் விட்ட பிறகும் கொடுத்துக்கொண்டே இருக்கச் சொன்னதாகிறது. 4 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எண்ணினால் 24 மணி நேரத்தில் 6 தடவை வருகிறது; 4 தடவை என்ற உச்சவரம்பு மீறப்படுகிறது. இடைவெளி, உச்சவரம்பு ஆகிய இரண்டுமே தனித்தனிக் கட்டளைகள் என்பது தமிழில் தெரிய வேண்டும். நிபந்தனையை முன்னே வைத்து வினையைக் கடைசியில் வைக்கும் தமிழ் வாக்கிய அமைப்பு இங்கே துணைக்கு வருகிறது: ‘தேவைப்பட்டால் மட்டும் கொடுக்கவும். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் இடையே குறைந்தது 4 மணி நேரம் இருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் 4 தடவைக்கு மேல் கூடாது.’

அதே அமைப்பு எச்சரிக்கையில் எதிரியாகிறது. தமிழில் மறுப்பு வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. நீண்ட வாக்கியமாக எழுதி, குறுகிய பத்தியில் அச்சிட்டால், ‘கொடுக்கக்’ என்பது ஒரு வரியின் கடைசியிலும் ‘கூடாது’ என்பது அடுத்த வரியின் தொடக்கத்திலும் விழும். மடிப்பு அந்த இடத்தில் வந்தாலோ, படிப்பவர் பாதியில் நிறுத்தினாலோ, எஞ்சுவது கொடுக்கச் சொல்லும் குரல்தான். எச்சரிக்கை வாக்கியம் ஒரே வரியில் முடியும் அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். அச்சுக்கோப்பவரிடம் விடும் வேலையில்லை இது. மொழிபெயர்ப்பாளரே மெய்ப்பில் பார்க்க வேண்டியது.

2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் பிறப்பித்த ஓர் ஆணை இன்னொரு நுட்பத்தைக் காட்டுகிறது. சளிக்குத் தரும் குளோர்பெனிரமின் மாலியேட், பினைலெஃப்ரின் கூட்டு மருந்தை 4 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையை லேபிளிலும் தாளிலும் சேர்க்குமாறு அது தயாரிப்பாளர்களுக்குச் சொன்னது. ‘4 வயதுக்கு உட்பட்ட’ என்று தமிழாக்கினால் 4 அதில் சேருமா சேராதா என்ற ஐயம் வருகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், ‘பிள்ளைக்கு நாலு வயசு நடக்குது’ என்று வீடுகளில் சொல்வது. அந்தப் பிள்ளைக்கு முடிந்திருப்பது மூன்று வயதுதான், நாலாவது ஓடுகிறது. எச்சரிக்கை காக்க நினைத்த குழந்தையே அது. ‘4 வயது முடியாத குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது’ என்பது மூலத்தின் எல்லையை அப்படியே காக்கிறது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அளவில் நேரும் பிழைகளிலேயே கொடியது செறிவைப் பற்றியது. பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் என்று கடைகளில் கிடைக்கிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு, கிலோவுக்கு 15 வீதம், ஒரு தடவைக்கு 150 மில்லிகிராம். முதல் சிரப்பில் அது 6 மில்லி; இரண்டாவதில் 3 மில்லி; சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. போன தடவை 125 வாங்கி 6 மில்லி கொடுத்துப் பழகிய வீட்டில், இந்தத் தடவை கடையில் 250 கிடைத்து அதே 6 மில்லி ஊற்றினால், உள்ளே போவது 300 மில்லிகிராம். ஒரு நாளில் நான்கு தடவை என்றால் கிலோவுக்கு 60 மில்லிகிராமோடு நிற்க வேண்டியது 120 ஆகிறது.

இந்த இடத்தில் தமிழ் அச்சுமுறையே ஒரு பொறி வைக்கிறது. மி.கி., மி.லி. என்ற சுருக்கங்கள் ஒரே ஓர் எழுத்தில்தான் வேறுபடுகின்றன. பொடி எழுத்தில் கி, லி பிரிவதில்லை. இரண்டையும் சுருக்காமல் எழுதுவதே வழி. ஊற்றும் அளவைச் சொல்லும் வரியில் ‘மில்லி’ மட்டும் வரட்டும். செறிவைத் தனி வரியில் ‘மில்லிகிராம்’ என்று முழுச்சொல்லாகப் போடலாம். தேக்கரண்டி, மேசைக்கரண்டி என்ற பாடப்புத்தகச் சொற்களும் வேண்டாம். டெல்டாச் சமையலறையில் கரண்டி என்றால் குழம்பு ஊற்றுவது. ஸ்பூன்களோ வீட்டுக்கு வீடு வேறு. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2015-இல் திரவ மருந்துகளின் அளவை மில்லியில் மட்டுமே சொல்ல வேண்டும் என்று பரிந்துரைத்ததும் ஸ்பூன்களால் வந்த குழப்பத்தால்தான். மூலத்தில் ஸ்பூன் என்று இருந்தால்? மொழிபெயர்ப்பாளர் அதைத் தாமாக 5 மில்லி என்று மாற்றக் கூடாது. தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகே மாற்ற வேண்டும். ‘எச்சரிக்கையுடன் பயன்படுத்தவும்’ என்ற வெற்றுத் தொடரும் அப்படியே. யாரிடம், எதைக் கவனிக்க என்று அது சொல்வதில்லை. அந்த வெற்றிடத்தை ஊகத்தால் நிரப்பும் உரிமை தமிழாக்குபவருக்கு இல்லை. இத்தகைய கேள்விகளைத் திரட்டிய ஒரு தாள் விநியோகஸ்தர் வழியாகத் தயாரிப்பாளருக்குப் போய்த் திரும்ப வேண்டும். பாதி வேலை அதில்தான் இருக்கிறது.

தமிழாக்கம் சரியா என்று பார்க்க வழக்கமாகச் செய்வது, வேறொருவரைக் கொண்டு அதை மீண்டும் ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிடுவது. எண் தவறினால் அது பிடித்துவிடும். ஆனால் ‘4 வேளை’ என்பது ‘நாளைக்கு நான்கு முறை’ என்றுதான் ஆங்கிலத்தில் திரும்பி வரும், சரிபார்ப்பவர் தலையாட்டிவிடுவார். மேலே சொன்ன 3 மணி நேர இடைவெளி அந்தச் சோதனையில் அகப்படாது. 2006-இல் டெர்ரி டேவிஸ், மைக்கேல் வுல்ஃப் முதலானோர் அமெரிக்காவின் மூன்று நகரங்களில் 395 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு இங்கே நினைக்கத் தக்கது. எழுத்தறிவு குறைந்தவர்களில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினர், இரண்டு மாத்திரை வீதம் நாளைக்கு இருமுறை என்ற லேபிள் வாசகத்தைச் சரியாகத் திருப்பிச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு உரிய மாத்திரைகளை எண்ணிக் காட்டச் சொன்னபோது சரியாகச் செய்தவர்கள் 35 விழுக்காடுதான். அது அவர்கள் தாய்மொழியிலேயே இருந்த லேபிள். மொழிபெயர்ப்பு என்ற சுமைகூட அதில் இல்லை.

ஆகவே தாளை அச்சுக்கு அனுப்புமுன் பாபநாசத்திலோ மன்னார்குடியிலோ ஒரு கடையில் உட்கார்ந்து, அதை வாங்கக்கூடிய தாய்மாரிடமும் பாட்டிமாரிடமும் கொடுத்துப் பார்ப்பதே உண்மையான சோதனை. ‘புரிந்ததா’ என்று கேட்டால் எல்லாரும் புரிந்தது என்பார்கள். தண்ணீர் நிரப்பிய பாட்டிலையும் அளவு மூடியையும் கொடுத்து, ‘பிள்ளை பத்துக் கிலோ, எவ்வளவு ஊத்துவீங்க?’ என்று கேட்க வேண்டும். ‘ராத்திரி ஒன்பது மணிக்குக் கொடுத்தாச்சு, பதினோரு மணிக்கு மறுபடி கொதிக்குது, என்ன செய்வீங்கம்மா?’ என்று கேட்க வேண்டும். ‘அளவுக்கு மேல கொடுத்துட்டீங்க, ஆனா பிள்ளை விளையாடிக்கிட்டு இருக்கு, அப்ப?’ என்பது மூன்றாவது கேள்வி. பாராசிட்டமால் மிகையானால் கல்லீரல் கெடுவது முதல் நாளில் வெளியே தெரியாது. ‘குழந்தை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும்’ என்ற வரி வேலை செய்கிறதா என்று அந்த விடையில் தெரிந்துவிடும். பலர் ஒரே இடத்தில் தடுக்கினால் வாக்கியத்தைத் திருத்தி, புதிய ஆட்களிடம் மறுபடி சோதிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் மருந்துத் தாள்களைப் பயன்படுத்துவோரிடம் காட்டிச் சோதிப்பது சட்டப்படியே கட்டாயம்.

கடைசியாக ஒரு நடைமுறை. தமிழ்த் தாளின் அடியில், அது எந்தத் தேதியிட்ட ஆங்கிலத் தாளிலிருந்து, எந்தச் செறிவுக்கு ஆக்கப்பட்டது என்பது அச்சாக வேண்டும். 2023 டிசம்பரைப்போல் எச்சரிக்கை மாறினால், பட்டுக்கோட்டையிலும் திருவையாற்றிலும் கடை இழுப்பறைகளில் கிடக்கும் பழைய தாள்களை அடையாளம் கண்டு திரும்பப் பெற அந்தத் தேதி ஒன்றுதான் விநியோகஸ்தருக்கு வழி.