மாங்கனியோடு நின்றுவிடும் கதை: காரைக்கால் அம்மையாரைச் சிறுமியர்க்கும் தாய்மார்க்கும் சொல்லும் முறை

அறுபத்து மூன்று நாயன்மாருள் பெண்கள் மூவர். அவர்களுள் இசைஞானியாருக்குப் பெரியபுராணம் ஒதுக்கியிருப்பது ஒரே பாட்டு. மங்கையர்க்கரசியாருக்கு மூன்று, அவர் செய்தவற்றைத் திருஞானசம்பந்தர் புராணத்துக்குள் தேடித்தான் எடுக்கவேண்டும். தம்பியைச் சைவத்துக்கு மீட்டுக் கொடுத்த திலகவதியார் இந்த எண்ணிக்கையிலேயே இல்லை. அப்பர் வரலாற்றின் ஒரு பகுதியாக நிற்கிறார். காரைக்கால் அம்மையார் ஒருவருக்குத்தான் 66 பாட்டில் தனிப் புராணம் உண்டு. அதைவிட முக்கியமானது, அவரே பாடியவை 143 பாடல்கள் பதினோராம் திருமுறையில் இருக்கின்றன.

திருமுறை வகுப்பிலோ சமய இதழிலோ பெண் அடியார் கதைகளைச் சிறு தொடராகச் சொல்ல முற்படுவோர் வாரத்துக்கு ஒருவர் என்று பங்கிட்டுக்கொள்வது வழக்கம். இந்தச் சமபங்கில் அம்மையார் தோற்றுப்போகிறார் என்பது என் கருத்து. ஒரே அமர்வில் சொல்லி முடிக்கவேண்டும் என்றால் கதை மாங்கனியில் தொடங்கி மாங்கனியிலேயே முடிந்துவிடும். கணவன் அனுப்பிய கனி இரண்டு, அடியாருக்கு இட்டது ஒன்று, இறைவன் தந்தது ஒன்று. பிறகு அவசரமாக ஒரு கயிலைப் பயணம். நானும் சிறுவயதில் அப்படித்தான் கேட்டேன். அந்த அம்மாள் ஒரு கவிஞர் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அவருக்கு மட்டுமாவது மூன்று அமர்வுகள் வேண்டும். அவற்றின் வரிசையும் வழக்கத்துக்கு மாறாக, அவர் பாடலில் தொடங்கிப் புராணத்துக்கு வரவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வரிசையை மாற்றச் சொல்வதற்குக் காரணம் நூல்களின் காலமுறையிலேயே இருக்கிறது. அம்மையாரை ஆறாம் நூற்றாண்டினர் என்று கொள்வது பெருவழக்கு. அவர் தம் பாடல்களில் தம்மைக் காரைக்கால் பேய் என்றே பெயர் சுட்டிக்கொள்கிறார். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அவரைப் 'பேயார்' என்ற ஒற்றைப் பெயரால் வணங்குகிறார். நம்பியாண்டார் நம்பி திருத்தொண்டர் திருவந்தாதியில் ஒரு பாட்டுப் பாடுகிறார். அதில் கயிலை மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து ஏறியதும், உமை நகைத்ததும், இறைவன் அம்மை என்று அழைத்ததும் உள்ளன. கணவனும் இல்லை, கனியும் இல்லை. புனிதவதி என்ற பெயர், தந்தை தனதத்தன், நாகப்பட்டினத்து வணிகர் மகன் பரமதத்தன், இரண்டு மாங்கனி எல்லாம் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் வழியே நமக்கு வருகின்றன. அவர் இவற்றைப் புனைந்தார் என்று நான் சொல்லவரவில்லை. ஊர் வழக்கைக் கேட்டு எழுதியிருக்கலாம். ஆனி முழுநிலவில் இன்றும் காரைக்காலில் மாடிகளிலிருந்து மாம்பழம் வீசும் திருவிழா நடக்கிறது, ஊரின் நினைவு அந்தக் கனியில்தான் ஊன்றியிருக்கிறது. ஆனால் அம்மையார் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டதில் இல்லறமே இல்லை. பாடலில் பேசும் பெண்ணும் புராணத்தில் காணும் பெண்ணும் ஒருவரல்லர் என்ற வேறுபாட்டை கரேன் பெச்சிலிஸ் 2012இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அறிஞர்களுக்குத் தெரிந்த இந்த வேறுபாடு குழந்தைகளுக்கான கதைகளில் இன்னும் நுழையவில்லை.

முதல் அமர்வில், ஆகவே, அற்புதத் திருவந்தாதியே போதும். 101 வெண்பா. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாகும் அந்தாதி விளையாட்டை, பாட்டுக்குப் பாட்டு ஆடிப் பழகிய பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். முதல் பாட்டு 'பிறந்து' என்று தொடங்குகிறது. கடைசிப் பாட்டும் அதே சொல்லில் வந்து நிற்கிறது. முதலில் பிறப்பது குழந்தை. முடிவில் பிறப்பது காதல். இதைச் சிறுமியரே கண்டுபிடிக்கும்படி இரண்டு பாட்டையும் அருகருகே வைத்துவிட்டுச் சொல்பவர் பேசாமல் இருக்கலாம்.

இந்த அந்தாதியின் குரல் பணிவான குரல் மட்டுமன்று. இறைவனிடம் ஒரு பாட்டில் அவர் சொல்வது இது: நீ உலகெங்கும் பிச்சைக்குப் போ, வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அந்தப் பாம்பை விட்டுவிட்டுப் போ, அதைக் கண்டால் பெண்கள் பயந்து வெளியே வந்து பிச்சை இடமாட்டார்கள். வாசலில் நிற்கும் பிள்ளையைத் திருத்தி அனுப்பும் தாயின் பேச்சு இது. கயிலையில் இறைவன் அவரை அம்மையே என்று அழைத்ததாகப் பின்னோர் பாடியதன் வேர் இங்கேதான் இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தாய்மாரும் கூட இருக்கும் அவையில் இந்தப் பாட்டுக்குச் சிரிப்பு எழவில்லையானால் சொன்ன விதத்தில் ஏதோ பிசகு.

இரண்டாம் அமர்வுதான் சேக்கிழாருடையது. கதையைத் தொடங்கும்போதே இது அம்மையாருக்குச் சில நூற்றாண்டுகள் பின்னால் வந்த ஒரு பெரும்புலவர் சொன்னது என்று ஒரு வாக்கியம் சொல்லிவிடவேண்டும். குழந்தையின் நம்பிக்கையைக் குலைக்கும் என்று இதற்கு மறுப்பு வரும். ஒரே குடும்பக் கதையைப் பாட்டி ஒரு விதமாகவும் அத்தை ஒரு விதமாகவும் சொல்லக் கேட்டு வளரும் பிள்ளைக்கு இதில் அதிர்ச்சி ஒன்றுமில்லை.

கதையில் அற்புதத்தைவிட அதற்கு முன் நடக்கும் தயக்கத்தில்தான் நேரம் செலவிடவேண்டும். பசியோடு அடியார் வரும்போது சோறு வெந்திருக்கிறது, கறி ஆகவில்லை. அதனால்தான் கனியை எடுத்து வைக்கிறார். நடுப்பகலில் கணவன் வந்து ஒன்றை உண்டு மற்றொன்றும் கேட்கிறான். உள்ளே போய் இறைவனை நினைக்கிறார், கனி கைக்கு வருகிறது. அதன் சுவை வேறாக இருக்கவே, இது ஏது என்று கேட்கிறான். இந்த இடத்தில் புனிதவதி இரண்டு கடமைகளுக்கு நடுவே சிக்கிக்கொள்கிறார். இறைவன் தந்த அருளை வெளியே பேசுவது முறையன்று. கேட்ட கணவனுக்குச் சொல்லாமலிருப்பதும் முறையன்று. பொய் சொல்லித் தப்ப எளிய வழி இருந்தது. அவர் உள்ளபடி சொல்கிறார். அவன் நம்பவில்லை, அப்படியானால் இன்னொன்று வரவழை என்கிறான். வந்த கனி அவன் கையில் பட்டதும் மறைகிறது. உண்மை சொன்னதால்தான் அந்த வீடு முறிந்தது. உண்மை பேசினால் நன்மை வரும் என்று முடிக்கும் பாடநூல் நீதிக்கு இக்கதை வளைந்துகொடுக்காது, வளைக்கவும் கூடாது.

பரமதத்தனைக் கெட்டவனாக்கிச் சொல்வது அடுத்த பிழை. சேக்கிழார் அவனை அப்படிக் காட்டவில்லை. அவன் அஞ்சினான். மனைவியைத் தெய்வம் என்று எண்ணிவிட்டபின் அவளோடு இல்லறம் நடத்த அவனுக்கு வழி தெரியவில்லை. ஆனால் அந்த அச்சத்தை அவளிடமோ உறவினரிடமோ வாய்விட்டுச் சொல்லாமல் வாணிகம் என்ற பெயரில் கப்பலேறிப் போனான். பாண்டிநாட்டில் வேறு மணம் செய்துகொண்டான். செய்தியறிந்த சுற்றத்தார் புனிதவதியைச் சிவிகையில் ஏற்றி அங்கே கொண்டுபோய் விட்டபோது, புது மனைவியோடும் மகளோடும் வந்து முதல் மனைவியின் காலில் விழுகிறான். வணங்கப்பட்டும் கைவிடப்பட்டும் நிற்கும் பெண்ணின் நிலை என்ன என்று தாய்மார் தாமே பேசத் தொடங்கினால் குறுக்கிட வேண்டியதில்லை.

அந்தக் காட்சியில் எல்லோரும் கவனிக்காமல் விடும் ஒருத்தி இருக்கிறாள். இரண்டாம் மனைவிக்குப் பிறந்த அந்தக் குழந்தைக்கும் பெயர் புனிதவதி. இந்தப் புராணத்தில் வரும் ஒரே சிறுமி அவள்தான். தன் பெயரையே உடைய, முன்பின் பார்த்திராத ஓர் அம்மாளின் முன் தந்தை விழுந்து கும்பிடுவதை அவள் பார்க்கிறாள். சேக்கிழார் அவளைப் பேசவைக்கவில்லை. கேட்கும் சிறுமியரிடம் அவள் இடத்திலிருந்து கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் தொடரின் மிகப் பயனுள்ள பயிற்சி அதுவாக இருக்கும்.

மூன்றாம் அமர்வு பேய் வடிவுக்கு. தொடர்கள் பெரும்பாலும் தவிர்ப்பது இதைத்தான். கணவனுக்காகச் சுமந்திருந்த அழகுத் தசையைக் கழித்துவிட்டுப் பேய் வடிவு தருமாறு அவர் வேண்டினார் என்று புராணம் சொல்கிறது. 1973இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நடித்த பிறகு, பேய் என்பது பொதுமக்கள் மனத்தில் ஒரு மூதாட்டியாகிவிட்டது. சோழர் காலச் செப்புச் சிலைகள் அவ்வளவு இரக்கம் காட்டவில்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளதில் விலா எலும்புகளை எண்ணலாம். கையில் தாளம், முகத்தில் களிப்பு. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களில் அவர் வரைந்திருக்கும் சுடுகாட்டுப் பேய்மகளும் அப்படித்தான்: வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு, நீண்ட பல். அந்தச் சுடுகாட்டின் நடுவேதான் இறைவன் ஆடுகிறான்.

இங்கே ஒரு மெய்யான ஆபத்து உண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கண்ணாடிமுன் நின்று தன் உடலைக் குறைகூறத் தொடங்கியிருக்கும் பெண்ணிடம், புனிதமானவள் உடலை வெறுத்து உதறினாள் என்று சொல்வது நஞ்சாகும். புராணத்தை மட்டும் வைத்துக்கொண்டால் அந்தப் பொருளைத் தவிர்ப்பது கடினம். பாடல்களை முதலில் கேட்டவர்களுக்கு வேறு வழி திறந்திருக்கும். அந்தாதியில் அவர் பேயாவதை இழப்பாகச் சொல்லவில்லை. நல்ல பேய்க்கணத்தில் நாமும் ஒன்றானோம் என்று கூட்டம் சேர்ந்த மகிழ்ச்சியோடு சொல்கிறார். அங்கே கணவனும் இல்லை, கழிக்கப்பட்ட அழகும் இல்லை. ஆடவும் பாடவும் உடம்பு இருக்கிறது. அதை யாரும் பார்த்து மதிப்பிடுவதில்லை, அவ்வளவே. இந்த வேற்றுமையை விளக்கச் சொல்பவருக்குத் துணிவு இல்லையென்றால், ஒன்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களோடு இரண்டாம் அமர்விலேயே நிறுத்திக்கொள்வது மேல்.

தொடர் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று அறிய ஒரு கேள்வி போதும். அந்த அம்மாள் என்ன செய்தார்? மாம்பழம் கொடுத்தார் என்று விடை வந்தால் மூன்று அமர்வும் வீண். பாடினார் என்று வந்தால் தேறிவிட்டோம். இத்தகைய தொடரை அச்சிடுவோர் படம் போடும் இடத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, மூத்த திருப்பதிகங்களின் 22 பாட்டையும் உரையோடு சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.