கெபாஜிக்கான்

மலாயில் ‘பாஜிக்’ என்றால் நன்மை. அதன் முன்னும் பின்னும் ஒட்டுகள் சேர்ந்து உருவான ‘கெபாஜிக்கான்’ நற்செயலையும் மக்கள் நலனையும் ஒருசேரக் குறிக்கும்.

2003இல் இஸ்லாமிய அரசு ஆவணத்தை வெளியிட்ட மலேசியாவின் பாஸ் கட்சி, 1999இல் வென்ற 27 நாடாளுமன்ற இடங்களில் பெரும்பகுதியை 2004 தேர்தலில் இழந்தது. 2008இல் அது முன்வைத்த சொல் ‘நெகாரா கெபாஜிக்கான்’, அதாவது நலன்பேணும் நாடு.

யோங் பெங் போன்ற பல இனத் தொகுதியில் ஒருவருக்கு இச்சொல் மார்க்கக் கடமையாகவும் இன்னொருவருக்கு உதவித்தொகையாகவும் ஒலிக்கலாம். தேர்தல் அறிக்கையில் ‘இஸ்லாம்’ என்ற சொல்லை மட்டும் எண்ணும் ஆய்வாளர், கட்சி சமயத்தைக் கைவிட்டதாகத் தவறாக முடிவுகட்டுவார். சொல் அறிக்கையின் முகப்பில் நிற்கிறதா, வாக்குறுதிக்குள் நிற்கிறதா, அதனுடன் சட்டமோ நிதியோ இணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இணைந்திருந்தால் அதைக் கொள்கையாகவும், இல்லையென்றால் அடையாளமாகவும் வகைப்படுத்துவேன்.