டாக்ஸாய்டு

‘டாக்ஸாய்டு’ என்ற சொல்லின் வேர் கிரேக்கத்தில் வில்லைக் குறித்த ‘டாக்ஸான்’. அது அம்பில் தடவும் நஞ்சுக்கும், பின்னர் எல்லா நஞ்சுக்கும் பெயரானது. ‘ஆய்டு’ என்ற ஈறு ‘போன்றது’ எனப் பொருள்படும். எனவே டாக்ஸாய்டு என்பது நஞ்சின் உருவம் மாறாமல் கொடுமை மட்டும் நீங்கிய பொருள். ‘நச்சுப்போலி’ என்பது நேரான தமிழ். தொண்டை அடைப்பான், டெட்டனஸ் கிருமிகள் சுரக்கும் நஞ்சை ஃபார்மலினில் பல நாள் வைத்து இதைச் செய்கிறார்கள். உடலில் இதற்கு எதிராக உருவாகும் எதிர்ப்புரதம் உண்மையான நஞ்சை முடக்கும், கிருமியைக் கொல்லாது. இந்தியக் குழந்தைகளுக்குப் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் (பென்டாவேலன்ட்) இவ்விரு நச்சுப்போலிகளோடு வேறு இரு பாக்டீரியத் தடுப்பு வகைகளும் உள்ளன. கக்குவானுக்கு, கொல்லப்பட்ட முழுக்கிருமியே சேர்க்கப்படுகிறது. அதன் பல பகுதிகளை உடல் ஒருசேர அறிகிறது. ஊசிக்குப் பின் வரும் காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் பெரும்பாலும் இதுவே காரணம். மூளைக்காய்ச்சல் தரும் ஹிப் கிருமிக்கு இணைப்பு வகை. அதன் சர்க்கரை உறையை மட்டும் கொடுத்தால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடல் சரியாக எதிர்வினை காட்டாது. அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்தால் டி செல்களின் உதவி கிடைத்து, நோயெதிர்ப்பு நினைவும் உண்டாகிறது. பல தயாரிப்புகளில் அந்தத் துணைப்புரதம் டெட்டனஸின் நச்சுப்போலியே.