கருமுட்டையைத் தூண்டும் மாத்திரை: "14ஆம் நாள்" கணக்கு ஏன் தவறலாம்?

"மாத்திரைதான் குடுத்துட்டாங்களே, அப்புறம் எதுக்கு ரெண்டு மூணு தடவ ஸ்கேன்?" சுங்கை சிப்புட் பக்கமுள்ள பழைய ரப்பர் தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கு வர சுமார் 30 கிலோமீட்டர். லீவு எடுத்து, பஸ் பிடித்து வருபவருக்கு இந்தக் கேள்வி எழுவது நியாயம்தான்.

மாத்திரை என்ன செய்கிறது?

பிசிஓஎஸ் உள்ள பலருக்குக் கருமுட்டை மாதாமாதம் வெளியே வருவதில்லை. அதற்கு டாக்டர்கள் தருவது லெட்ரோசோல் அல்லது குளோமிஃபின். இரண்டும் முட்டையை நேரடியாகத் தொடுவதில்லை, மூளையைத்தான் ஏமாற்றுகின்றன. லெட்ரோசோல், உடலில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே குறைக்கிறது. குளோமிஃபின், ஈஸ்ட்ரோஜன் இருந்தும் மூளைக்கு அது தெரியாமல் மறைக்கிறது. "ஈஸ்ட்ரோஜன் போதவில்லை" என்று நினைக்கும் மூளை, எஃப்எஸ்எச் ஹார்மோனைக் கூடுதலாக அனுப்ப, சினைப்பையில் ஃபாலிக்கிள் எனப்படும் சிறு நீர்ப்பை வளர்கிறது. அதற்குள்தான் முட்டை இருக்கிறது.

லெட்ரோசோல் சில நாட்களில் உடலை விட்டுப் போய்விடும். குளோமிஃபின் வாரக்கணக்கில் தங்கி, கருப்பையின் உட்படலத்தை மெலிதாக்கலாம். பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. அதில் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேரும், குளோமிஃபின் எடுத்தவர்களில் 19.1 சதவீதம் பேரும் குழந்தை பெற்றனர்.

ஸ்கேன் எதற்கு?

ஓர் உதாரணம். மாதவிடாயின் 3ஆம் நாள் முதல் 7ஆம் நாள் வரை ஒருவர் லெட்ரோசோல் எடுக்கிறார். 11ஆம் நாள் ஸ்கேனில் ஃபாலிக்கிள் 10 மில்லிமீட்டர்தான். ஃபாலிக்கிள் நாளுக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும் என்பதால், "நாலு நாள் கழிச்சு வாங்க" என்கிறார் டாக்டர். 15ஆம் நாள் அது 18 மில்லிமீட்டர், முட்டை தயார். அன்று இரவு 8 மணிக்கு எச்சிஜி ஊசி போட்டால், சுமார் 36 மணி நேரத்தில், அதாவது 17ஆம் நாள் காலை வாக்கில் முட்டை வெளிவரும். ஊசி போட்ட நாளும் அடுத்த நாளும் தம்பதியர் சேர்வது நல்லது. ஏனெனில் முட்டை ஒரு நாள்தான் தாங்கும். விந்தணு சில நாட்கள் காத்திருக்கும். போனில் உள்ள ஆப் சொன்ன 14ஆம் நாளோடு இவர்கள் நிறுத்தியிருந்தால், அந்த மாதம் வீணாகியிருக்கலாம்.

ஸ்கேன் இன்னொன்றையும் காட்டும். மூன்று, நான்கு ஃபாலிக்கிள்கள் ஒன்றாகப் பெரிதானால் இரட்டையர், மூவர் உருவாகும் ஆபத்து உண்டு. அப்போது ஊசியை நிறுத்தி, அந்த மாதம் சேர வேண்டாம் என்பார் டாக்டர். ஒன்றுமே வளராவிட்டால், அடுத்த சுற்றில் அளவைக் கூட்டுவார். தெரிந்தவர் கொடுத்த மாத்திரையை ஸ்கேன் இல்லாமல் போடுபவருக்கு இந்த இரண்டுமே தெரியாமல் போகும்.

கருக்குழாய் அடைத்திருந்தாலோ, கணவரின் விந்தணு மிகக் குறைவாக இருந்தாலோ, முட்டை வந்தும் பயனில்லை. அதனால் மாத்திரை தொடங்கும் முன்பே இருவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். குளோமிஃபின் எடுக்கும்போது பார்வை மங்கினால், உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.