பிறைக்கு இடமில்லை

இந்தியில் ‘ஹ’, ‘ஸ’ என்று எழுதி, ஹ-வின் தலையில் வெறும் புள்ளி (அனுஸ்வாரம்) வைத்தால் அன்னம். பிறையும் புள்ளியும் (சந்திரபிந்து) வைத்தால் ‘சிரி’. முன்னதில் ‘ன்’ தனியாக ஒலிக்கும். பின்னதில் உயிரே மூக்கு வழியாக வரும்.

‘நஹீ’ (இல்லை) என்பதிலும் அதே மூக்கொலிதான், ஆனால் அங்கே புள்ளி. ஈகாரக் குறி தலைக்கோட்டுக்கு மேலே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கே, பிறைக்கு ஏது இடம்? அச்சு வசதிக்காக மத்திய இந்தி இயக்ககத்தின் விதியே இதை அனுமதிக்கிறது. பத்திரிகைகள் பல, இடம் இருந்த ‘மா’ (அம்மா) மேலேயும் புள்ளியே வைத்தன.

ஈய எழுத்து போயாச்சு. இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில் `x` தட்டினா புள்ளி, `Shift+x` தட்டினா பிறை. எடிட்டர் திருத்துவார்; ‘பேப்பர்லயே இப்படித்தானே வருது’ என்பார் தட்டச்சர். ‘மா’வில் அவரை விட்டுவிடலாம். அன்னம் சிரிக்கும் இடத்தில் நான் எடிட்டர் பக்கம்.